ஆயிரம் எழுத்துக்குள் ஓர் ஆறு

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது, மணலியில் இருக்கும் சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் வெளியேறியது. பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொட்டது. ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் எண்ணெய் படர்ந்திருப்பதாகக் கடலோரக் காவல் படை சொன்னது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் என்று ஆற்றையும் முகத்துவாரத்தையும் நம்பியிருக்கும் குப்பங்களில் படகு, வலை, இன்ஜின் எல்லாவற்றிலும் கறுப்பு எண்ணெய் அப்பிக்கொண்டது. ஊர்க்காரர்கள் கையாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளிய படங்களை நாடே பார்த்தது.

பிறகு அரசு நிவாரணம் அறிவித்தது. மீன்பிடித் தொழிலில் இருக்கும் 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாய். மொத்தம் 8 கோடியே 68 லட்சம்.

பட்டியல் என்று ஒன்று வந்துவிட்டாலே, அதில் விடுபட்ட பெயர் என்று ஒன்றும் வந்துவிடும். விடுபட்டவர் மனு எழுத வேண்டும். முன்பெல்லாம் ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகைக்கு, அதாவது சென்னை ஆட்சியர் அலுவலகத்துக்கு, நாலு பக்க மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு திங்கள்கிழமை போய் வரிசையில் நிற்பார்கள். இன்றைக்கும் போகிறார்கள். ஆனால் முதல்வரின் முகவரி, மத்திய அரசின் pgportal.gov.in, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புகார்ப் பக்கம் என்று இணைய வாசல்கள் பெருகிவிட்டன. திருவொற்றியூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால், அதே நாலு பக்கத்தையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடக்கச் சொல்கிறது கணினி. அந்தப் பெட்டிக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்பதில்தான் பல மனுக்கள் தோற்கின்றன. மனுதாரர் சொல்வது பொய் என்பதால் அவை தோற்பதில்லை. உண்மையான செய்தி பெட்டிக்கு வெளியே நின்றுவிடுகிறது.

பெட்டியின் அளவு வாசலுக்கு வாசல் மாறும். மத்திய அரசின் தகவல் உரிமைப் பக்கமான rtionline.gov.in-இல் 3,000 எழுத்துகள். வேறு சில பக்கங்களில் கூடவோ குறையவோ இருக்கும்; அவ்வப்போது மாற்றவும் செய்கிறார்கள். பெட்டிக்குக் கீழே அச்சாகியிருக்கும் எண்தான் கணக்கு. இந்தக் கட்டுரைக்காக 1,000 எழுத்து என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்குள் சொல்லப் பழகியவருக்கு மூவாயிரம் தாராளமான இடம்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம் புரிய வேண்டும். கணினி எண்ணும் எழுத்தும் நாம் எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல. ‘எண்ணூர்’ என்பது நமக்கு நாலு எழுத்து. கணினிக்கு ஏழு. புள்ளி தனிக் குறி, ஊகாரத்தின் துணைக்குறி தனிக் குறி. ‘மீனவர்’ நமக்கு நாலு, கணினிக்கு ஆறு. சொல்லுக்கு நடுவே விடும் இடைவெளி, காற்புள்ளி, வரி முறித்து அடுத்த வரிக்குப் போவது எல்லாமே கணக்கில் சேரும். ஆகவே ஆயிரம் என்றால் தமிழில் சுமார் நூற்றிருபது சொற்கள்தான் கிடைக்கும். சில பழைய மென்பொருள்கள் இன்னும் கடுமையானவை. அவை குறிகளை எண்ணாமல் பைட்டுகளை எண்ணும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு என்பதால், 4,000 என்று போட்டிருக்கும் பெட்டி தமிழுக்கு 1,333-இலேயே மூடிக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. தமிழில் எழுதுகிறவருக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு இடம் தருவது நியாயமில்லை. வாசலைக் கட்டுகிறவர்கள் சரிசெய்ய வேண்டிய குறை இது.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. வேறு இடத்தில் எழுதிய மனுவை எடுத்துக்கொண்டுவந்து பெட்டியில் ஒட்டும்போது, எல்லையைத் தாண்டிய பகுதியை உலாவி பெரும்பாலும் சத்தமில்லாமல் வெட்டிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. வெட்டுப்படுவது எப்போதும் கடைசிப் பகுதிதான். நம்முடைய மனுக்களின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். ‘மேன்மை தங்கிய’ என்று தொடங்கி, குடும்ப வரலாறு சொல்லி, நடந்ததை விவரித்து, கடைசிப் பத்தியில்தான் ‘ஆகவே அய்யா அவர்கள்’ என்று கோரிக்கைக்கு வருவோம். அந்தப் பத்திதான் வெட்டுப்படுகிறது. அதிகாரியின் திரையில் ஒரு துயரக் கதை நிற்கும். என்ன வேண்டும் என்ற வரி இருக்காது. ‘கோரிக்கை தெளிவாக இல்லை’ என்று பதில் வந்தால் மனுதாரருக்குக் கோபம் வரும். அவர் தெளிவாகத்தான் எழுதியிருப்பார். அது போய்ச் சேரவில்லை. ஒட்டியதும் பெட்டியின் அடிவரைக்கும் இறங்கிப் போய், உங்கள் கடைசிச் சொல் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே இதைக் கண்டுபிடிக்கும் வழி. அனுப்பிய பிறகு வரும் ஒப்புகைப் பக்கத்திலும் கடைசி வரியைப் படியுங்கள். பெட்டி ஏற்றுக்கொண்டதை உள்ளே இருக்கும் சேமிப்பகம் ஏற்றுக்கொள்ளாத நேரங்களும் உண்டு.

இனி ஒரு மனுவை எடுத்துக்கொள்வோம். இது மாதிரிக்காக நான் அமைத்த மனு. எண்ணெய்க் கசிவும் நிவாரணத் தொகைகளும் நடந்தவை. மனுதாரரும் அவருடைய தேதிகளும் எடுத்துக்காட்டுக்கு மட்டும். காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர். ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. படகு அவருடைய தந்தை பெயரில் பதிவானது. தந்தை 2021-இல் இறந்துவிட்டார். பெயர் மாற்றவில்லை. கணக்கெடுக்க வந்தவர்கள் பதிவு உங்கள் பெயரில் இல்லை என்று சொல்லிப் படகைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர் எழுதிவைத்திருக்கும் நீண்ட மனு இப்படித் தொடங்குகிறது:

‘மேன்மை தங்கிய மாவட்ட ஆட்சியர் அவர்களின் மேலான சமூகத்திற்கு, காட்டுக்குப்பத்தில் பரம்பரை பரம்பரையாக மீன்பிடித் தொழில் செய்து வருகின்ற அடியேன் மிகவும் தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்ளும் விண்ணப்பம் என்னவென்றால், எங்கள் ஆறு ஒரு காலத்தில் இறாலும் நண்டும் செழித்துக் கிடந்த ஆறு என்பது தாங்கள் அறிந்ததே…’

அதற்குப் பிறகு அனல்மின் நிலையங்களின் சாம்பல் ஆற்றில் சேர்ந்தது, 2017 ஜனவரியில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, புயல், கசிவு, படகு கெட்டது, மூன்று வலை வீணானது, பிள்ளைக்குத் தோலில் தடிப்பு வந்தது, ஆலை மீது நடவடிக்கை வேண்டும், ஆற்றைத் தூர்வார வேண்டும், படகு நிவாரணம் வேண்டும், மருத்துவ முகாம் வேண்டும். நாலு பக்கம். ஒவ்வொரு வரியும் உண்மை. அந்த ஊர்க்காரர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் இதில் ஒரு வரியைக்கூட மிகை என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இந்த நாலு பக்கத்தில் நாலு மனுக்கள் இருக்கின்றன. படகு நிவாரணம் ஒரு துறை. மருத்துவ முகாம் வேறு துறை. ஆலை மீதான நடவடிக்கை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சிபிசிஎல் மத்திய அரசு நிறுவனம் என்பதால் அதனிடம் நேரடியாகக் கேட்க வேண்டியது மத்திய அரசின் வாசலில். ஒரே மனுவில் நாலையும் கேட்டால், அந்த மனு எந்த மேசைக்குப் போகிறதோ அந்த மேசைக்காரர் தன்னால் ஆனதற்கு ஒரு வரி பதில் எழுதி மனுவை முடித்துவைப்பார். மற்ற மூன்றும் அதோடு சேர்ந்து முடிந்துபோகும். சுருக்குவதற்கு முதல் வேலை சொற்களை வெட்டுவதல்ல, மனுவைப் பிரிப்பது. நம் மீனவருக்கு இப்போது கையில் கிடைக்கக்கூடியது படகுக்கான 10,000 ரூபாய். இந்த மனு அதற்கு மட்டும். தோல் தடிப்பு வேறு மனு. தூர்வாருவது ஊர்ப் பஞ்சாயத்தார் கையெழுத்தோடு போக வேண்டிய வேறு மனு.

பிரித்த பிறகு, படிவம் ஏற்கெனவே கேட்டு வாங்கிக்கொண்டதை எல்லாம் எடுத்துவிட வேண்டும். பெயர், முகவரி, கைபேசி எண், மாவட்டம், வட்டம் எல்லாவற்றுக்கும் தனிக் கட்டங்கள் இருக்கின்றன. ‘மேற்கண்ட முகவரியில் வசித்து வரும் நான்’ என்று மறுபடி எழுதத் தேவையில்லை. விளிப்பும் வணக்கமும் வேண்டாம். ஆதார் எண்ணைப் பெட்டிக்குள் எழுதவே கூடாது. அந்த மனு பல பேர் கைக்குப் போகிறது. தனிக் கட்டங்களை நிரப்பும்போது மட்டும் கவனம் வேண்டும், முக்கியமாக மாவட்டத்தில். எண்ணூரும் திருவொற்றியூரும் 2018-க்குப் பிறகு சென்னை மாவட்டம். அதே ஆற்றுக்கு வடக்கே இருக்கும் காட்டுப்பள்ளி திருவள்ளூர் மாவட்டம். பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் காட்டுக்குப்பத்து மனு பொன்னேரி வட்டத்துக்குப் போய்விட வாய்ப்பு உண்டு. ‘எங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல’ என்று அங்கிருந்து அது திரும்பி வருவதற்குள் நாள் ஓடிவிடும்.

அடுத்ததுதான் கடினமான வேலை. மிச்சமிருக்கும் ஒவ்வொரு வரியையும் எடுத்துவைத்துக்கொண்டு, இதை ஓர் அதிகாரி சரிபார்க்க முடியுமா என்று கேட்க வேண்டும். ‘ஆறு ஒரு காலத்தில் செழித்துக் கிடந்தது’ என்பதை அவர் இந்த மனுவுக்காகச் சரிபார்க்கப் போவதில்லை. ‘படகுப் பதிவு எண் இன்னது’ என்பதை இரண்டு நிமிடத்தில் சரிபார்ப்பார். ‘பலமுறை அலைந்தேன்’ என்பதை அவர் கடந்துபோவார். ‘இன்ன தேதியில் இன்ன அலுவலகத்தில் மனு தந்தேன், ஒப்புகைச் சீட்டு இருக்கிறது’ என்றால் பதில் சொல்லியாக வேண்டும். தேதி, இடம், பொருள், எண், யார் என்ன சொன்னார் ஆகியவை இருக்க வேண்டும். மனவேதனை உண்மைதான், ஆனால் அதைச் சொல்ல வேறு இடம் இருக்கிறது; நேரில் பேசும்போது சொல்லலாம், இணைப்பில் எழுதலாம்.

இப்படிச் சலிக்கும்போது பலர் தவறி வீசிவிடும் வரிகள் சில இருக்கின்றன. அவற்றை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். எது நடக்கவில்லை என்று சொல்லும் வரிகள் அவை. எழுத்தில் பதில் தரவில்லை. இந்தப் படகுக்கு வேறு யாரும் நிவாரணம் வாங்கவில்லை. வழக்கு எதுவும் போடவில்லை. பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இந்த வரிகள்தான் மனுவை மூடிவிடக் கூடிய காரணங்களை முன்கூட்டியே அடைக்கின்றன.

வழக்கு விஷயத்தையே பாருங்கள். எண்ணூர் எண்ணெய்க் கசிவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மத்திய அரசின் குறைதீர் பக்கத்தில், நீதிமன்ற நிலுவையில் இருக்கும் விஷயங்களை ஏற்பதில்லை என்பது விதி. மனுதாரர் தன் கோரிக்கைக்கு வலு சேர்க்கலாம் என்று நினைத்துப் ‘பசுமைத் தீர்ப்பாயத்திலும் வழக்கு நடக்கிறது’ என்று எழுதினால், அதையே காரணமாகக் காட்டி மனுவை முடிக்க வழி பிறந்துவிடும். கசிவு தீர்ப்பாயத்தின் முன் வந்த விஷயம். என் படகு பட்டியலில் இல்லாதது தீர்ப்பாயத்தின் முன் இல்லை. இந்த வேறுபாட்டை ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும்.

பணத்திலும் இதே சிக்கல். புயலுக்காக ரேஷன் கடை மூலம் தந்த 6,000 ரூபாய் வேறு, எண்ணெய்க் கசிவுக்கான 12,500 வேறு, படகுக்கான 10,000 வேறு. ‘எண்ணெய்க் கசிவு நிவாரணம் வழங்கவும்’ என்று நாலு சொல்லில் மனு போட்டால், கணினியில் அவர் குடும்ப அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்து, ‘மனுதாரருக்கு ஏற்கெனவே நிவாரணம் வழங்கப்பட்டுள்ளது’ என்று பதில் எழுதுவது எளிது. அந்தப் பதில் பொய்யும் அல்ல. அளவுக்கு மீறிச் சுருக்கிய மனுவுக்கு இப்படிப்பட்ட உண்மையான, பயனில்லாத பதில்தான் கிடைக்கும். ஆகையால் வாங்கிய பணத்தை மறைக்காமல் சொல்லிவிட்டு, இது அதுவல்ல என்று பிரித்துக்காட்ட வேண்டும். வாங்கியதைச் சொன்னால் கோரிக்கை பலவீனமாகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அவர்கள் கணினியில் அது ஏற்கெனவே இருக்கிறது.

மேலே சொன்னபடி சலித்த பிறகு அந்த நாலு பக்கத்தில் படகைப் பற்றியது இவ்வளவாக நிற்கிறது:

‘கோரிக்கை: எண்ணெய்க் கசிவில் சேதமான என் ஃபைபர் படகை நேரில் ஆய்வு செய்து, அரசு அறிவித்த படகு நிவாரணம் ரூ.10,000 வழங்க வேண்டும்.

காட்டுக்குப்பம். மிக்ஜாம் வெள்ளத்தில் 2023 டிசம்பர் முதல் வாரம் ஆற்றில் பரவிய எண்ணெய் என் படகு, இன்ஜின், 3 வலைகள் மீது படிந்தது. படகுப் பதிவு எண் ____. பதிவு என் தந்தை பெயரில், அவர் 2021-இல் காலமானார் (இறப்புச் சான்று, வாரிசுச் சான்று: இணைப்பு பக். 1, 2). படகை அன்றிலிருந்து நான் ஓட்டுகிறேன்.

12.12.2023 கணக்கெடுப்பின்போது படகு கரையில்தான் இருந்தது (படம்: பக். 3). “பதிவு உங்கள் பெயரில் இல்லை” என்று சொல்லிப் பட்டியலில் சேர்க்கவில்லை. எழுத்தில் பதில் தரவில்லை. 08.01.2024 அன்று ____ அலுவலகத்தில் தந்த மனுவுக்கும் (ஒப்புகை: பக். 4) பதில் இல்லை.

வெள்ள நிவாரணம் ரூ.6,000, குடும்ப நிவாரணம் ரூ.12,500 பெற்றுக்கொண்டேன். இந்த மனு படகு நிவாரணம் மட்டும் பற்றியது. வேறு யாரும் இந்தப் படகுக்கு நிவாரணம் பெறவில்லை. இது தொடர்பாக எந்த நீதிமன்றத்திலும் நான் வழக்குத் தொடரவில்லை.’

கணினிக் கணக்கில் இது சுமார் 900. ஆயிரத்துக்குள் அடங்கி, பதிவு எண்ணையும் அலுவலகப் பெயரையும் நிரப்பவும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது.

கோரிக்கை முதல் வரியில் இருக்கிறது. வெட்டுப்பட்டாலும் அது தப்பிக்கும். அதைவிட முக்கியம், நாளொன்றுக்கு எத்தனையோ மனுக்களைப் பிரித்து அனுப்பும் ஊழியர் முதல் வரியை வைத்துத்தான் துறையைத் தீர்மானிப்பார். ‘எங்கள் ஆறு ஒரு காலத்தில்’ என்று தொடங்கினால் மனு நீர்வளத் துறைக்குப் போனாலும் ஆச்சரியமில்லை. கோரிக்கையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: ஆய்வு செய், பணம் கொடு. முதலாவதை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். பட்டியல் முடிந்துவிட்டது என்று பணத்தை மறுக்கலாம். படகை வந்து பார்க்க முடியாது என்று மறுப்பது அவ்வளவு சுலபமல்ல; பார்த்துவிட்டால் அந்த அறிக்கை அடுத்த கட்டத்துக்கு உதவும்.

பதிவு தந்தை பெயரில் இருப்பதுதான் இந்த மனுவின் பலவீனமான இடம். நீண்ட மனுவில் அது மூன்றாம் பக்கத்தில், ‘சிறு குறைபாட்டைக் காரணம் காட்டி’ என்ற சொற்களுக்குள் ஒளிந்திருந்தது. சுருக்கிய மனுவில் அது இரண்டாவது பத்தியிலேயே வெளிப்படையாக வருகிறது, பக்கத்திலேயே வாரிசுச் சான்றும் வருகிறது. அதிகாரி எழுப்பப் போகும் ஆட்சேபம் நமக்குத் தெரியும்போது, அதை நாமே சொல்லிப் பதிலையும் வைத்துவிட்டால் ஒரு சுற்று மிச்சமாகும்.

சொற்களை இறுக்குவது கடைசி வேலை. அலுவலகத் தமிழ் இடத்தைத் தின்னும். ‘வழங்கப்படாத நிலையில் உள்ளது’ என்றால் 27. ‘வரவில்லை’ என்றால் 8. ‘செய்து வருகின்ற’, ‘என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டு வருகிறேன்’, ‘ஆகிய’, ‘மேற்படி’ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல எழுதினாலே பாதி சுருங்கிவிடும். தேதியை எண்ணில் எழுதுங்கள். ஆனால் பெயர்களைச் சுருக்காதீர்கள். நமக்குப் பழகிய சுருக்கெழுத்து அடுத்த மேசையில் புரியாமல் போகும். அல்லது வேறொன்றாகப் புரியும். தோராயமான எண்ணை உறுதியான எண்ணாக்குவதும் கூடாது. ‘ஏறத்தாழ’ என்ற ஒரு சொல்லை மிச்சம் பிடிக்கப்போய், பிறகு விசாரணையில் எண் பொருந்தவில்லை என்றால் மனு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இடம் போதவில்லை என்றால் ஒரு செய்தியையே எடுத்துவிடுங்கள், இருக்கும் செய்தியைக் கோணலாக்காதீர்கள். மேலே இருப்பதில் வலைகள் மூன்று என்ற எண்ணை வைத்திருக்கிறேன். அவற்றின் விலையை வைக்கவில்லை. ரசீது இல்லாத விலை கேள்வியைத்தான் கூட்டும்.

வெளியேற்றிய மூன்றரைப் பக்கம் வீணாகப் போக வேண்டியதில்லை. பெரும்பாலான வாசல்கள் பிடிஎஃப் கோப்பு ஒன்றை ஏற்கின்றன. ஆற்றின் வரலாறு, 2017 கப்பல் மோதல், வீட்டு நிலைமை எல்லாம் அதில் கடைசிப் பக்கங்களாக இருக்கட்டும். முதல் பக்கங்களில் சான்றுகள் இருக்க வேண்டும், பக்க எண்ணோடு. ‘ஆதாரங்கள் இணைக்கப்பட்டுள்ளன’ என்று பொதுவாக எழுதினால் யாரும் திறக்க மாட்டார்கள், ‘பக். 3’ என்று எழுதினால் திறப்பார்கள். கைபேசியில் எடுத்த படம் அப்படியே பெரிய கோப்பாக இருந்தால் வாசல் தள்ளிவிடும். பிரவுசிங் சென்டரில் சொல்லி அளவைக் குறைத்து, குறைத்த பிறகும் படகின் பதிவு எண் படிக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணைப்பு திறக்காமல் போனாலும் மனு தனியாக நிற்க வேண்டும். அதனால்தான் தேதியும் எண்ணும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன.

மத்திய அரசு நிறுவனங்களிடம் தகவல் கேட்கும்போது இன்னொரு தடை வருகிறது. சிபிசிஎல், சென்னைத் துறைமுக ஆணையம், காமராசர் துறைமுகம் எல்லாம் இந்த வகை. தகவல் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவு அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் விண்ணப்பிக்க உரிமை தருகிறது. எண்ணூர்க்காரர் தமிழில் கேட்கலாம். ஆனால் rtionline.gov.in பெட்டி ஆங்கில எழுத்து, எண், `, . - _ ( ) / @ : & ? \ %` என்ற சில குறிகள் இவற்றை மட்டும்தான் ஏற்கும். சட்டம் தந்த உரிமையைப் பெட்டி தரவில்லை. இது கண்டிக்க வேண்டியது. இப்போதைக்கு வழி, தமிழ் விண்ணப்பத்தைப் பிடிஎஃப் ஆக இணைத்து, பெட்டியில் கேள்விகளை மட்டும் சுருக்கமாக ஆங்கிலத்தில் எழுதுவது. 2012-ஆம் ஆண்டின் தகவல் உரிமை விதிகள் விண்ணப்பம் பொதுவாக 500 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. கூடுதலாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. குறைதீர் மனுக்களுக்கும் இப்படி ஒரு பாதுகாப்பு வரி எழுத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

மனு போனதும் ஓர் எண் வரும். அதை எழுதிவைத்துக்கொண்டு, அனுப்பிய வாசகத்தையும் அப்படியே ஒரு தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் பக்கத்தில் 2024 ஆகஸ்டில் வந்த வழிகாட்டுதலின்படி 21 நாளுக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால் மேல்முறையீடு செய்யும் வசதியும் அங்கேயே இருக்கிறது. மாநில அரசின் 1100 எண்ணுக்கு அழைத்தால் மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கலாம். ‘முடித்துவைக்கப்பட்டது’ என்ற பதில் வந்தால், முதலில் அந்தப் பதில் உங்கள் முதல் வரிக்குப் பதிலா என்று பாருங்கள். நம் மீனவருக்கு ‘6,000 வழங்கப்பட்டுள்ளது’ என்று வந்தால், பதில் சொன்னவர் நாலாவது பத்திக்கு வரவில்லை என்று பொருள். ‘வாரிசுகளுக்கு இந்த நிவாரணம் பொருந்தாது’ என்று வந்தால், அது ஒரு முடிவு. எந்த ஆணையின் கீழ் அந்த முடிவு என்று தகவல் உரிமையில் கேட்கலாம். பட்டியலில் இருக்கும் 787 படகுகளில் வாரிசுகள் ஓட்டும் படகு ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்கலாம்.

இரண்டாவது மனு எழுதும்போது முதல் மனுவை மறுபடி ஒட்டாதீர்கள். அதே வாசகம் இரண்டாவது தடவை வந்தால், அதே விஷயம் திரும்ப வந்திருக்கிறது என்று முதல் பதிலையே மறுபடி அனுப்பிவிடுவார்கள். புதிய மனுவின் முதல் வரி பழைய மனு எண்ணும் அதற்கு வந்த பதிலின் தேதியுமாக இருக்கட்டும். அடுத்த வரி, அந்தப் பதிலில் எது பொருந்தவில்லை என்பது. மூன்றாவது வரி, படகை இன்னும் யாரும் வந்து பார்க்கவில்லை என்பது. அதற்கு முந்நூறு எழுத்தே போதும்.